30 லட்சம், 15 வருஷம்: மாசம் எவ்வளவு எடுத்தா சரியா தீரும்?

வேலந்தாவளம் சுப்பு

எங்க மாமாவுக்காகக் கேக்கறேன். கஞ்சிக்கோட்டில் ஒரு தனியார் ஆலையில் வேலை பார்த்து இப்ப ஓய்வு பெற்றிருக்கார். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து கையில் 30 லட்சம். பென்ஷன்னு சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் இல்லை. வயசு 60. 75 வயசு வரைக்கும் மாசா மாசம் ஒரே தொகை வரணும், 75-ல் பணம் தீர்ந்தாலும் பரவாயில்லை, அதுக்கப்புறம் மகன் பார்த்துக்குவான், தோப்புக் குத்தகையும் இருக்குன்னு சொல்றார்.

வட்டி வருஷத்துக்கு 7.2, அதாவது மாசம் 0.6 சதவீதம்னு வச்சுக்கிட்டேன். 30 லட்சத்தை 180 மாசத்தால் வகுத்தா 16,667. மாச வட்டி 18,000. ரெண்டும் சேர்ந்து 34,667. மாமாகிட்ட மாசம் 34,667 எடுக்கலாம்னு சொல்லிட்டேன். அத்தை அந்தக் கணக்கில் வீட்டுச் செலவுப் பட்டியலே போட்டுட்டாங்க. இது சரிதானே?

கல்யாணி, பாலக்காடு

தம்பி, அந்தப் பட்டியலை உடனே நிறுத்தச் சொல்லுங்க. மாசம் 34,667 எடுத்தால் பணம் 122 மாசத்தில் தீர்ந்துவிடும். அதாவது 10 வருஷம் 2 மாசம். மாமாவுக்கு 70 வயசு தாண்டினதுமே கணக்கு காலி.

தப்பு எங்கே என்று பாருங்கள். முதல் மாசம் வட்டி 18,000, அசலில் எடுப்பது 16,667. அது வரைக்கும் சரி. ரெண்டாவது மாசம் அசல் 29,83,333 தான். வட்டி 17,900. நீங்கள் எடுப்பது அதே 34,667. வட்டியில் குறைந்த அந்த 100 ரூபாய் அசலிலிருந்துதானே வரும்? மூன்றாவது மாசம் இன்னும் கொஞ்சம் கூட. இப்படி அசலைத் தின்பது மாசா மாசம் கூடிக்கொண்டே போகும்.

உங்கள் கணக்கு முழுத் தப்பு என்றும் சொல்ல மாட்டேன். அசலில் மாசம் 16,667, அதோடு அந்தந்த மாச வட்டி என்று எடுத்தால் சரியாக 180 மாசம் வரும். ஆனால் தொகை மாசத்துக்கு 100 ரூபாய் வீதம் இறங்கும். முதல் மாசம் 34,667, கடைசி மாசம் 16,767. மாமா கேட்டது ஒரே தொகை. அது வேறு கணக்கு.

நாசர், கோவிந்தாபுரம்

கல்யாணி அக்கா சொல்றது சரி. ஒரே தொகைக்கு சூத்திரம் இருக்கு சுப்பு. வருஷம் 7.2 சதவீதம், 15 வருஷம். வருஷம் ஒரு ரூபாய் வேணும்னா இன்னிக்கு 8.994 ரூபாய் வேணும், அதுதான் காரணி. 30 லட்சத்தை அதால் வகுத்தா வருஷத்துக்கு 3,33,557. பன்னிரண்டால் வகுத்தா மாசம் 27,796. அதுதான் விடை.

கல்யாணி, பாலக்காடு

நாசர், சூத்திரம் சரி, அதைப் பொருத்திய இடம் சரியில்லை. 8.994 என்பது வருஷக் கடைசியில் ஒரே தடவையாக 3,33,557 எடுப்பவருக்கான எண். அவருடைய பணம் முழு வருஷமும் வங்கியில் உட்கார்ந்து வட்டி தேடும். மாமா ஒவ்வொரு மாசமும் எடுக்கிறார். ஜனவரியில் எடுத்த பணம் டிசம்பர் வரை வட்டி தராது. மாசம் 27,796 என்று எடுத்தால் 174 மாசத்தில் முடிந்துவிடும், கடைசி அரை வருஷம் கையில் எதுவும் இருக்காது. எடுப்பது மாசக் கணக்கு என்றால் வட்டியும் மாசக் கணக்கு, எண்ணிக்கையும் மாசக் கணக்கு. ஒன்றை வருஷத்திலும் இன்னொன்றை மாசத்திலும் வைத்தால் இப்படித்தான் ஆகும்.

சரியான விடை மாசம் 27,301 ரூபாய் 40 பைசா. முதல் தொகையைப் பணம் போட்ட ஒரு மாசம் கழித்து எடுக்க வேண்டும்.

எப்படி வந்தது என்று சொல்கிறேன், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாக் கேள்விக்கும் நீங்களே பதில் சொல்லலாம். 30 லட்சத்தை ஒரே குவியலாகப் பார்க்காதீர்கள். 180 உறைகளில் பிரித்து வைத்ததாக நினையுங்கள். ஒவ்வொரு உறையிலும் அதற்குரிய மாசம் வரும்போது 27,301.40 இருக்க வேண்டும். முதல் உறை ஒரு மாசம்தான் காத்திருக்கும், ஆகவே இன்றைக்கு அதில் 27,138.57 போட வேண்டும். கடைசி உறை 180 மாசம் காத்திருக்கிறது. அதில் இன்றைக்கு 9,301.40 போட்டாலே போதும், 15 வருஷ வட்டி மீதியை நிரப்பிவிடும். 120-ஆவது உறைக்கு ஏறத்தாழ 13,318. இப்படி 180 உறைகளிலும் இன்று போட வேண்டியதைக் கூட்டினால் 30,00,000 வரும். ஒவ்வொரு உறையிலும் இன்று போடும் பணம்தான் அந்த மாசத் தொகையின் இன்றைய மதிப்பு.

180 தடவை கூட்டத் தேவையில்லை. ஃபோன் கால்குலேட்டரே போதும். 1.006-ஐ 180 தடவை பெருக்கினால் 2.93519. ஒன்றை அதால் வகுத்தால் 0.340693. அதை ஒன்றிலிருந்து கழித்தால் 0.659307. அதை 0.006-ஆல் வகுத்தால் 109.884. மாசம் ஒரு ரூபாய் 180 மாசம் வேண்டுமானால் இன்றைக்கு 109 ரூபாய் 88 பைசா வேண்டும் என்று அர்த்தம், இதுதான் மாசக் கணக்குக்கான காரணி. 30 லட்சத்தை 109.884465-ஆல் வகுத்தால் 27,301.40.

எக்செல் வைத்திருப்பவர்கள் இதை அடித்துப் பார்க்கலாம்:

```
=PMT(0.006,180,-3000000)
=NPER(0.006,34667,-3000000)
```

முதலாவது 27,301.40 தரும். இரண்டாவது உங்கள் 34,667 எத்தனை மாசம் தாங்கும் என்று சொல்லும்: 122.43. கழித்தல் குறியை விட்டுவிட்டால் இரண்டாவதில் -69.9 என்று வரும். மாசம் கழித்தல் எண்ணில் வந்தால் குறி மாறிப்போச்சு என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்த 69.9-ஐ எடுத்துக்கொண்டு பயப்பட வேண்டாம்.

வேலந்தாவளம் சுப்பு

அக்கா, உறைக் கணக்கு நல்லாப் புரிஞ்சுது. ஆனா ஒரு சந்தேகம். மாமாவுக்குக் கையில் பணம் இப்பவே வேணும், ஒரு மாசம் காத்திருக்க முடியாது. முதல் நாளே முதல் தொகை எடுத்தா?

கல்யாணி, பாலக்காடு

அப்போது ஒவ்வொரு உறையும் ஒரு மாசம் முன்னாடியே திறக்கப்படுகிறது. ஆகவே 27,301.40-ஐ 1.006-ஆல் வகுக்க வேண்டும்: 27,138.57. மாசத்துக்கு 163 ரூபாய் குறைவு, அவ்வளவுதான். எக்செலில் கடைசியில் 0, 1 என்று இரண்டையும் சேர்க்கணும்:

```
=PMT(0.006,180,-3000000,0,1)
```

செங்கோட்டை முருகன்

அண்ணாச்சிமாரே அக்காமாரே, எனக்கு இது ஏமாத்து வேலை மாதிரித் தெரியுது. மாசம் 27,301 வீதம் 180 மாசம்னா மொத்தம் 49.14 லட்சம். அதே 30 லட்சத்தை 15 வருஷம் தொடாம போட்டு வச்சா 88 லட்சத்துக்கு மேல வருது, நான் போட்டுப் பாத்தேன். 39 லட்சம் எங்க போச்சு? மாமாவை மாசா மாசம் எடுக்க விடாதீங்க சுப்பு, வங்கிக்காரனுக்குத்தான் லாபம்.

கல்யாணி, பாலக்காடு

முருகன் அண்ணாச்சி, உங்கள் 88 லட்சம் சரியான எண்தான். 30 லட்சத்தை 2.93519-ஆல் பெருக்கினால் 88,05,576. ஆனால் அந்த 39 லட்சம் வங்கியிடம் போகவில்லை. முதல் மாசம் மாமா எடுத்த 27,301 அரிசிக்கும் மருந்துக்கும் போய்விட்டது, அது வங்கியில் இருந்தால்தானே 179 மாசம் வட்டி தேடும்? ஒரு சோதனை செய்து பாருங்கள். மாமா எடுக்கும் ஒவ்வொரு 27,301.40-ஐயும் செலவழிக்காமல் அதே 0.6 சதவீத வட்டியில் வேறொரு கணக்கில் போட்டுக்கொண்டே வந்தால், 180-ஆவது மாசம் அந்தக் கணக்கில் 88,05,576 இருக்கும். ஒரு ரூபாய் கூடாது, குறையாது. இன்றைய பணத்தையும் 15 வருஷம் கழித்து வரும் பணத்தையும் நேராகக் கூட்டினதால்தான் 39 லட்சம் காணாமல் போனது போல் தெரிகிறது.

செங்கோட்டை முருகன்

ஆமா, செலவு பண்ணினா வட்டி எங்கருந்து வரும். நான் கேள்வியையே சேமிப்புக் கணக்குன்னு எடுத்துக்கிட்டேன். சரிதான்.

லதா, களியக்காவிளை

கல்யாணி அக்கா, எங்க வீட்டுக் கணக்கும் இதே மாதிரிதான், ஆனா கடைசியில் ஒரு தொகை மிஞ்சணும். அம்மாகிட்ட 18 லட்சம் இருக்கு, 10 வருஷம் மாசா மாசம் எடுக்கணும், முடிவில் 3 லட்சம் தங்கையோட பேருக்கு நிக்கணும். வட்டி இதே 7.2. நான் 15 லட்சத்துக்கு மட்டும் போட்டேன், மாசம் 17,571 வந்துது. சரியா?

கல்யாணி, பாலக்காடு

இல்லை லதா, உங்கள் அம்மா மாசம் 1,800 ரூபாயை விட்டுவிடுகிறார். 3 லட்சம் ஒதுக்கினதாகச் சொன்னீர்கள், அது 10 வருஷமும் சும்மாவா இருக்கும்? அதற்கும் மாசம் 1,800 வட்டி வரும். அதையும் எடுத்துக்கொண்டால் 19,371. கடைசியில் 3 லட்சம் அப்படியே நிற்கும்.

உறை வழியில் பார்த்தாலும் இதுதான். 120 மாசம் கழித்து 3 லட்சமாக நிற்க வேண்டிய பணத்துக்கு இன்று 1,46,340 போதும். மிச்சம் 16,53,660-ஐ 120 மாசத்துக்கான காரணி 85.3666-ஆல் வகுத்தால் 19,371. இரண்டு வழியும் ஒரே எண்ணில் வந்து நிற்கிறதா என்று பார்த்துக்கொள்வது எப்போதும் நல்லது.

லதா, களியக்காவிளை

நன்றிக்கா. 1,800 எங்க வீட்டில் ஒரு மாச மின்சாரமும் பாலும்.

நாசர், கோவிந்தாபுரம்

சரி, கணக்கு முடிஞ்சுது. ஆனா 27,301-ஐ எந்த வங்கி 15 வருஷம் கொடுக்கும்? சாதாரண எஃப்.டி.யில் மாச வட்டி மட்டும்தான் தருவாங்க, அசல் அப்படியே நிக்கும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டமும் அப்படித்தான், மூணு மாசத்துக்கு ஒருக்கா வட்டி, 5 வருஷம் முடிஞ்சா அசல் முழுசாத் திரும்பும். அசலையும் வட்டியையும் சேர்த்து ஒரே தவணையாத் தர்ற இடம் எது?

கல்யாணி, பாலக்காடு

நல்ல கேள்வி, இங்கேதான் பலர் திணறுவார்கள். ஸ்டேட் வங்கியில் ஆண்டளிப்பு வைப்பு என்று ஒன்று இருக்கிறது. மொத்தமாகப் போட்டால் அசலில் ஒரு பகுதியும் வட்டியும் சேர்த்து மாசத் தவணையாகத் தருவார்கள். வீட்டுக் கடனைத் தலைகீழாகப் பார்த்த மாதிரி: நீங்கள் கடன் கொடுத்தவர், வங்கி உங்களுக்கு இ.எம்.ஐ. கட்டுகிறது. ஆனால் அதன் காலம் 36, 60, 84, 120 மாசம் என்று நான்கு மட்டும். 180 இல்லை.

ஆகவே இரண்டாகப் பிரிக்க வேண்டும். முதல் 120 மாசத் தவணைக்கு இன்று தேவைப்படும் பணம்: 27,301.40-ஐ 85.3666-ஆல் பெருக்கினால் 23,30,627. இதை 120 மாச ஆண்டளிப்பில் போடலாம். மீதி 6,69,373. இதை 10 வருஷம் தொடாத எஃப்.டி.யில் போட்டால் 13,72,227 ஆகும். அந்தப் பணம்தான் கடைசி 60 மாசத்துக்கான அசல். அதை அப்போது 60 மாச ஆண்டளிப்பாக மாற்றினால் அதே 27,301.40 தொடரும். 23,30,627-ஐயும் 6,69,373-ஐயும் கூட்டிப் பாருங்கள், சரியாக 30 லட்சம்.

எத்தனை பேர் நம்புவார்கள் என்று தெரியவில்லை: 15 வருஷத்தில் கடைசி 5 வருஷத்தை இன்றைக்கு வெறும் 6.7 லட்சம் தாங்குகிறது. 75 வயசு வரை வரணுமே என்று பயந்து பெரிய தொகையை ஒதுக்கிவிட்டு முதல் பத்து வருஷம் வயிற்றைக் கட்டிக்கொள்பவர்கள் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. அந்த 10 வருஷ எஃப்.டி.யில் வட்டி மாசா மாசம் சேராது, மூன்று மாசத்துக்கு ஒருமுறைதான் அசலோடு சேரும். அப்போது 13,72,227-க்குப் பதில் 13,66,404 வரும், ஏறத்தாழ 5,800 குறைவு. சின்ன வித்தியாசம், ஆனால் அன்றைக்குத் தெரியாமல் நிற்க வேண்டாம்.

வேலந்தாவளம் சுப்பு

அக்கா, அதே மூணு மாசக் கணக்கு மாச வட்டியையும் தொடுமா? மாமா வங்கியில் கேட்டப்ப 30 லட்சத்துக்கு மாச வட்டி 18,000 தரமாட்டோம், 17,890 கிட்டத்தான் வரும்னாங்களாம். ஏதோ பிடிச்சுக்கறாங்கன்னு வந்து கோபமா இருக்கார்.

கல்யாணி, பாலக்காடு

பிடித்தம் ஒன்றும் இல்லை, அவர்கள் சொன்னது சரி. 7.2 என்பது மூன்று மாசத்துக்கு 1.8 சதவீதம். மூன்று மாசம் காத்திருந்தால் 54,000. அதை மூன்றாகப் பிரித்து முன்னாடியே கேட்டால், முன்னாடி வாங்கியதற்கு வட்டிக் கழிவு போட்டுத்தான் தருவார்கள். உண்மையான மாச வட்டி 0.5964 சதவீதம், 0.6 அல்ல. அதை வைத்து மறுபடி போட்டால் மாசத் தொகை 27,301-க்குப் பதில் 27,229. மாமாவுக்கு 27,200 என்று வைத்துக்கொண்டால் நிம்மதி.

வட்டி மேல் வரிப் பிடித்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் வருஷம் எடுக்கும் 3,27,617-இல் வட்டி 2,12,242, மீதி 1,15,375 அவருடைய சொந்த அசல். வரி வட்டி மேல் மட்டும்தான். முழுத் தொகையையும் வருமானம் என்று படிவத்தில் எழுதிவிட வேண்டாம்.

வடிவேல், சித்தூர் (பாலக்காட்டுச் சித்தூர்)

எங்க பக்கத்தில் சர்வீஸ் கூட்டுறவுச் சங்கங்களில் வங்கியை விட அதிக வட்டி தருவாங்க. 8.4-னு வச்சுக்கோங்க. அங்க போட்டா மாசம் எவ்வளவு? மாமா ஏன் 7.2-ல் நிக்கணும்?

கல்யாணி, பாலக்காடு

மாசம் 0.7 சதவீதம் என்றால் காரணி 102.157. மாசத் தொகை 29,367. 2,065 ரூபாய் கூட. இதைத் தராசில் வைத்துப் பாருங்கள்: ஒரு பக்கம் மாசம் 2,065, இன்னொரு பக்கம் ஒருவருடைய வாழ்நாள் சேமிப்பு முழுக்க. வங்கி வைப்புக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை காப்பீடு இருக்கிறது. ஆரம்ப நிலைக் கூட்டுறவுச் சங்கங்கள் அந்தக் காப்பீட்டில் வராது. மாநிலத்தின் உத்தரவாத நிதி வேறு, அதை நம்பிக் கேட்டுப் போனால் எத்தனை நாள் அலைவீர்கள் என்பது வேறு. நான் என்றால் அந்தக் கடைசி 6.7 லட்சத்தை அங்கே போட மாட்டேன். பத்து வருஷம் தொடாமல் வைக்கிற பணத்தை அப்படி வைக்கக் கூடாது.

வடிவேல், சித்தூர்

5 லட்சம்னு சொன்னா 23 லட்சத்தை ஒரே வங்கியில் வைக்கறதும் அப்படித்தானே அக்கா? நாலஞ்சு வங்கியா பிரிக்கணும்.

கல்யாணி, பாலக்காடு

பிரிக்கலாம். தவணையும் அதே விகிதத்தில் பிரியும், கணக்கு மாறாது. பாஸ்புக்கும் படிவமும் நாலு மடங்கு. 70 வயசில் அவர் அத்தனையையும் பார்த்துக்கொள்வாரா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

வேலந்தாவளம் சுப்பு

வட்டி நடுவில் இறங்கினா? முதல் 5 வருஷத்துக்கு மட்டும் 7.2 உறுதி, அப்புறம் வங்கி 6 ஆக்கிருச்சுன்னா?

கல்யாணி, பாலக்காடு

5 வருஷம் முடியும்போது கையில் இருக்க வேண்டியது 23,30,627. (முன்னாடி 120 மாசத்துக்குச் சொன்ன அதே எண்ணேதான். இரண்டு இடத்திலும் இன்னும் 120 தவணை பாக்கி, ஆகவே ஒரே தொகை.) வட்டி 6 ஆனால் மாசம் 0.5 சதவீதம், 120 மாசத்துக்குக் காரணி 90.0735. புதுத் தொகை 25,875. அதாவது மாசம் 1,426 குறைத்துக்கொண்டால் அதே 75 வயசு வரை வரும். குறைக்காமல் 27,301 என்றே எடுத்துக்கொண்டு போனால் 111 மாசத்தில் நிற்கும், முழுசாக எட்டு ஒன்பது மாசத்துக்குப் பணம் இருக்காது.

இதற்கு ஒரு பழக்கம் போதும். வருஷத்துக்கு ஒரு நாள், பாஸ்புக்கில் இருக்கும் தொகையை, பாக்கி மாசத்துக்கும் அன்றைய வட்டிக்கும் உரிய காரணியால் வகுத்துப் பார்க்கணும். முதல் வருஷக் கடைசியில் 28,84,625 இருந்தால் சரியான தடத்தில் இருக்கிறார். சுப்பு சொன்ன 34,667 கணக்கில் போயிருந்தால் 27,93,262 இருந்திருக்கும். ஆபத்து என்ன தெரியுமா? அவர் மனசில் எதிர்பார்த்தது 28 லட்சம், குறைவது 6,738 தான். முதல் வருஷம் யாருமே கவனிக்க மாட்டார்கள். ஐந்தாவது வருஷத்தில் எதிர்பார்த்தது 20 லட்சம், இருப்பது 18. அப்போது கவனித்து என்ன செய்வது?

வடிவேல், சித்தூர்

எல்லாம் சரி அக்கா, யாரும் விலைவாசியைப் பத்திப் பேசலையே? இன்னிக்கு 27,301-ல் வாங்கறதை 14 வருஷம் கழிச்சு வாங்க முடியுமா? விலை வருஷம் 6 சதவீதம் ஏறினா, கடைசி வருஷ 27,301-க்கு இன்னிக்கு 12,075 மதிப்புதான். ஒரே தொகைங்கறதே மாமாவுக்கு வயசான காலத்தில் பட்டினி.

கல்யாணி, பாலக்காடு

வடிவேல் சொல்வது எல்லோரும் தவிர்க்கிற கேள்வி. எண்ணைத் தருகிறேன், முடிவு நீங்கள் எடுக்கணும். ஒவ்வொரு வருஷமும் 6 சதவீதம் கூட்டி எடுப்பதாக வைத்தால், ஆரம்பத்தில் மாசம் 19,010-தான் எடுக்கலாம். 15-ஆவது வருஷம் அது 42,980 ஆகியிருக்கும், பணமும் சரியாகத் தீரும். 4 சதவீதம் கூட்டுவதாக இருந்தால் ஆரம்பம் 21,545, கடைசி வருஷம் 37,309.

உறையில் சொன்னால்: 6 சதவீதக் கணக்கில் வெகுநாள் காத்திருக்கும் உறைகளுக்கு அதிகம் போட வேண்டியிருக்கிறது, அதை முன்வரிசை உறைகளிலிருந்து எடுக்கிறோம். வருஷத்துக்கு ஒரு முறை 6 சதவீதம் ஏறினாலும் பழைய 27,301-ஐ எட்டாவது வருஷம்தான் தாண்டும். ஏழு வருஷம் குறைவான பணத்தில் இருக்கணும்.

நாசர், கோவிந்தாபுரம்

நான் இதை ஒத்துக்க மாட்டேன். 60-ல் உடம்பு நல்லா இருக்கும், கோயில் குளம், பேரப்பிள்ளைன்னு செலவு கூட. 72-ல் வீட்டு வாசல்படி தாண்ட மாட்டார். செலவு தானாக் குறையும். கையில் இருக்கறப்ப எடுத்து நல்லா இருக்கட்டும். 27,301 ஒரே தொகைதான் சரி.

வடிவேல், சித்தூர்

பாய், பேருந்துச் செலவு குறையும், மருந்துச் செலவு குறையுமா? 72-ல் மாசம் மாத்திரைக்கே ஆறாயிரம் எட்டாயிரம் போற வீடு எத்தனை இருக்கு நம்ம தாலுகாவில். 19,010-ல் ஆரம்பிக்கறதுதான் பாதுகாப்பு.

நாசர், கோவிந்தாபுரம்

ரெண்டுக்கும் நடுவில் போங்க. 5 வருஷம் ஒரே தொகை, அப்புறம் பார்த்துக்கலாம்.

கல்யாணி, பாலக்காடு

நாசர், "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பதற்கு ஒரு எண் கொடுங்கள், இல்லையென்றால் அது 27,301-ஐயே எடுத்துக்கொண்டு போவதுதான். 5 வருஷம் 24,000 எடுத்துவிட்டு மீதியைக் கணக்குப் போடலாம், 22,000 எடுத்துவிட்டும் போடலாம். எதை எடுத்தாலும் 60-ஆவது மாசம் பாஸ்புக்கில் எவ்வளவு நிற்கணும் என்று முன்னாடியே எழுதி வைக்கணும். அந்த எண்ணை எழுதி வைக்காமல் ஆரம்பிக்க வேண்டாம்.

வேலந்தாவளம் சுப்பு

மாமாகிட்ட 27,200, 21,545, 19,010 மூணையும் எழுதிக் காட்டினேன். அத்தை 21,545-க்கு அருகில் விரல் வச்சாங்க, மாமா 27,200. இன்னும் ஒண்ணும் முடிவாகலை. ஆனா ஒண்ணு கேக்கணும் அக்கா. வருஷம் 4 சதவீதம் கூட்டற கணக்கை ஆண்டளிப்பு வைப்பில் போட முடியுமா? அங்க தவணை ஒரே தொகைதானே?

கல்யாணி, பாலக்காடு

முடியாது, அங்கே தவணை நிலையானது. கூட்டிக்கொண்டே எடுக்க வேண்டும் என்றால் 15 வருஷத்தையும் வருஷத்துக்கு ஒரு பொட்டலமாகப் பிரித்து, ஒவ்வொன்றும் அந்தந்த வருஷ ஆரம்பத்தில் முதிரும் எஃப்.டி.யாகப் போடணும். முதல் பொட்டலம் 21,545 வீதம் 12 மாசத்துக்கு, இன்றைய மதிப்பில் 2,48,733. இரண்டாவது பொட்டலம் 2,40,764. மூன்றாவது 2,33,050. ஒவ்வொன்றும் முந்தையதை 0.96796-ஆல் பெருக்கினால் கிடைக்கும். 11-ஆவது வரைக்கும் இப்படிப் போடலாம், 10 வருஷத்துக்கு மேல் எஃப்.டி. எடுக்க முடியாததால் கடைசி நான்கையும் 10 வருஷத்துக்குப் போட்டு அப்போது புதுப்பிக்கணும். புதுப்பிக்கும் வட்டி இன்றைக்கு யாருக்கும் தெரியாது, ஆகவே அந்த நான்கு பொட்டலத்திலும் கொஞ்சம் கூடவே வையுங்கள்.